திருச்சி அலுவல் பயணச் செலவைத் திரும்பப் பெறக் கோரும் கடிதம்

அனுப்புநர்: முதுநிலைச் சேவைப் பொறியாளர், பணியாளர் எண் 2147, சென்னை.
பெறுநர்: கணக்கு மேலாளர், தலைமை அலுவலகம், சென்னை.
நாள்: 17.03.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 11.03.2025 முதல் 13.03.2025 வரை சொந்தக் காரில் மேற்கொண்ட திருச்சி அலுவல் பயணத்தின் சுங்கம், எரிபொருள், வாகன நிறுத்தச் செலவு.

மேற்படி பயணத்தில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் ஆகிய ஆறு சுங்கச்சாவடிகளைப் போகும்போதும் வரும்போதும் கடந்தேன். ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையில் மொத்தம் ரூ.960 பிடித்தம் காட்டப்பட்டிருந்தாலும், ஒரு சாவடியில் தவறுதலாக இருமுறை பிடிக்கப்பட்ட ரூ.70 15ஆம் தேதி என் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டுவிட்டதால், அதைக் கழித்து ரூ.890 மட்டுமே கோருகிறேன். இரண்டு இரவுகள் தங்கித் திரும்பியதால், 24 மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கான சலுகை கிடைக்கவில்லை. இரு வழிக்கும் முழுக் கட்டணம் ஆனது அதனால்தான்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு என் செலவில் டேங்கை நிரப்பிக்கொண்டேன். அந்த ரசீதை இதில் சேர்க்கவில்லை. திருச்சியிலிருந்து கிளம்பும்போது டேங்க் நிரம்பும்வரை போட்ட 23.40 லிட்டர் பெட்ரோலுக்கு ரூ.2,375.10, சென்னை திரும்பியதும் அதேபோல் போட்ட 20.50 லிட்டருக்கு ரூ.2,066.40, ஆக ரூ.4,441.50 செலவாயிற்று. ஓடோமீட்டரின்படி ஓடிய தூரம் 708 கிலோமீட்டர் என்பதால், லிட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வருகிறது. என் வண்டி வழக்கமாகத் தருவதும் அவ்வளவுதான். இதில் 12ஆம் தேதி மாலை ஸ்ரீரங்கம் கோயிலுக்குச் சென்று வந்த 22 கிலோமீட்டர் என் சொந்த வேலை. கிலோமீட்டருக்கு ரூ.6.27 வீதம் அதற்குரிய ரூ.138ஐக் கழித்தால், எரிபொருள் செலவு ரூ.4,303.50 ஆகிறது. கோயில் அருகே கொடுத்த வாகன நிறுத்தக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை.

வாடிக்கையாளர் அலுவலகத்தில் வண்டி நிறுத்த இடமில்லாததால், அருகிலிருந்த கட்டண நிறுத்துமிடத்தில் 11ஆம் தேதி ரூ.50, 12ஆம் தேதி ரூ.80, 13ஆம் தேதி ரூ.30, ஆக ரூ.160 கொடுத்தேன். கடைசி முப்பது ரூபாய்க்குக் கையால் எழுதிய, முத்திரையில்லாத சீட்டே கிடைத்தது. அதன் பின்புறம் நாளையும் நேரத்தையும் குறித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதை ஏற்க இயலாவிட்டால் அத்தொகையை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

சுங்கம் ரூ.890.00, எரிபொருள் ரூ.4,303.50, வாகன நிறுத்தம் ரூ.160.00, ஆக மொத்தம் ரூ.5,353.50. ஐம்பது காசை விட்டு ரூ.5,353 கோருகிறேன். 10ஆம் தேதி பெற்ற முன்பணம் ரூ.3,000 போக, எனக்கு வரவேண்டிய மீதி ரூ.2,353. இதை என் சம்பள வங்கிக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெட்ரோல் ரசீதுகளின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால், அவற்றின் நகல்களையும் அசல்களோடு இணைத்துள்ளேன். ஃபாஸ்டேக் அறிக்கையில் இப்பயணத்துக்குரிய பதிவுகளும் திரும்ப வந்த எழுபது ரூபாயின் வரவும் கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளன.

தங்கள் உண்மையுள்ள,
முதுநிலைச் சேவைப் பொறியாளர் (பணியாளர் எண் 2147)