நம் சொற்பட்டியல்: எழுத வேண்டியவை, எழுதக் கூடாதவை (மூன்றாம் பதிப்பு)

பொட்டலம், விலைப் பலகை, இணையப் பக்கம், வாட்ஸ்அப் பதில், தீபாவளித் துண்டறிக்கை என்று நம் பெயரில் வெளியாகும் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். பிறை ஆலையிலும் லெபோ பாசார் கடையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடையிலும் எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்கள். வாங்கிப் போகிற அம்மாவுக்கு நாம் எல்லாரும் ஒரே கடைதான். அவர் பொட்டலத்தில் ஒரு சொல்லையும் பலகையில் வேறொரு சொல்லையும் பார்த்தால், எது சரி என்று கேட்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம்
இந்த மூன்றையும் இப்படியே முழுதாக எழுதுக. "ஜீரகம்", "சோம்பு", "சின்னச் சீரகம்" ஆகியவை வேண்டாம். சோம்பு நல்ல சொல்தான். நம் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பொட்டலத்தில் மலாய்ப் பெயர் கட்டாயம், அதில் மூன்றுமே "ஜிந்தான்". சீரகம் ஜிந்தான் பூத்தே, பெருஞ்சீரகம் ஜிந்தான் மானிஸ், கருஞ்சீரகம் ஜிந்தான் ஹீத்தாம். முதல் பதிப்புக்கு முன் ஆலையில் ஒருவர் "ஜிந்தான்" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து, பெருஞ்சீரகப் பைகளில் "சீரகம்" என்று ஒட்டிவிட்டார். ரசத்துக்கு வாங்கிய ஒருவர் பையைத் திரும்பக் கொண்டுவந்து, பிரித்து, மேசைமேல் கொட்டிக் காட்டினார். பச்சை ஓடிய பருத்த விதைகள். சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றோம். இந்தப் பட்டியல் பிறந்தது அந்த மேசையில்தான்.

வெள்ளி
விலைக்கு "வெள்ளி", "சென்" என்று எழுதுக: 12 வெள்ளி 50 சென். "ரிங்கிட்" தவறில்லை, ஆனால் இரண்டையும் கலக்க வேண்டாம். இணையப் பக்கத்தின் விலைக் கட்டத்தில் மட்டும் `RM12.50`. கிழமையை எப்போதும் "வெள்ளிக்கிழமை" என்று முழுதாக எழுதுக. "வெள்ளி மட்டும் 5 வெள்ளி" என்ற பலகையைப் படித்த ஒருவர், வாரம் முழுதும் 5 வெள்ளிதான் என்று எண்ணி செவ்வாயன்று வந்து நின்றார். அவர் எண்ணியதில் பிழை இல்லை.
விலை 5 சென் அல்லது 10 சென்னில் முடியட்டும். 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகையை 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம். பலகையில் 99 சென் என்று போட்டுவிட்டு ரசீதில் ஒரு வெள்ளி வாங்குவது நமக்கு அழகில்லை.

தள்ளுபடி
எழுதக் கூடாதது: கழிவு. நம் நாட்டுப் பத்திரிகைகளில் "20 விழுக்காடு கழிவு" என்று வருவது உண்மை; துணிக்கடைக்கு அது பொருந்தும். மல்லித் தூள் படத்துக்குப் பக்கத்தில் "கழிவு" என்று இருந்தால் படிப்பவர் மனத்தில் என்ன வரும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். "மலிவு விற்பனை" எழுதலாம். "விழுக்காடு" நம் சொல், "சதவீதம்" வேண்டாம்.

மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள்
இடைவெளியும் ஒற்றும் இப்படியே. மஞ்சளுக்கு ஒற்று இல்லை.

கறித்தூள்
ஒரே சொல்லாக. "மீன் கறித்தூள்", "இறைச்சிக் கறித்தூள்". "மசாலைத் தூள்" என்பது கரம் மசாலை போன்ற வாசனைக் கலவைக்கு மட்டும்.

அரைத்த நாள்
"புத்தம் புதியது" என்று எழுத வேண்டாம். அரைத்த நாளை அச்சிடுகிறோம். வாங்குபவர் தாமே எண்ணிக்கொள்வார். "பாட்டியின் கைப்பக்குவம்", "அம்மியில் அரைத்தது" இரண்டும் முற்றிலும் தடை. நாம் பிறையில் இயந்திரத்தில் அரைக்கிறோம், நன்றாகவே அரைக்கிறோம். "வறுத்து அரைத்தது" என்ற இரண்டு சொல் போதும், அது உண்மை.

மருந்துச் சொற்கள்
"சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்", "புற்றுநோய் தடுக்கும்" என எதுவும் எங்கும் வரக் கூடாது. வெந்தயப் பொட்டலத்துக்கு இந்த ஆசை அடிக்கடி வருகிறது. இந்நோய்களுக்கான சிகிச்சை என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, நம் வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடிய ஒரு பெரியவர். வாடிக்கையாளர் தாமே எழுதி அனுப்பிய பாராட்டாக இருந்தாலும் வெளியிட வேண்டாம்.

சைவம்
"சுத்த சைவம்" வேண்டாம். மற்றவர் சாப்பாடு அசுத்தம் என்று சொன்னதாகும். "மரக்கறி" காய்கறிக்கு மட்டும். பூண்டோ வெங்காயமோ சேர்ந்திருந்தால் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுக.

ஹலால்
ஜாக்கிம் சான்றிதழ் உள்ள பொருளுக்கு மட்டும். "முஸ்லிம்களுக்கு ஏற்றது" என்று சுற்றி வளைத்து எழுதுவதும் தடை.

மனிதர்களைக் குறிக்கும் சொற்கள்
"இந்திய முஸ்லிம் உணவகம்" எழுதுக, "மாமாக்" வேண்டாம். அந்தச் சொல்லைச் சிலர் அன்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள், சிலருக்குச் சுடுகிறது. சுடுகிற சொல்லைக் கறித்தூள் விற்கப் பயன்படுத்த வேண்டாம். நாசி கண்டாரைப் பற்றி எழுதும்போது அது தோளில் காவடித் தண்டுபோல் சுமந்து விற்றதால் வந்த பெயர் என்பதைச் சொல்லலாம். எழுத்து "நாசி கண்டார்" என்றே இருக்கட்டும், "கந்தர்" அல்ல.
நிறுவன வரலாற்றுப் பக்கத்தில் "தோட்டத் தொழிலாளர்" என்று எழுதுக. "கூலி", "கூலிக்காரன்" எந்தக் காலத்தைப் பற்றி எழுதினாலும் வேண்டாம். நம்மில் பலருடைய தாத்தாக்கள் அவர்கள். ஆலையில் வேலை செய்யும் வங்காளதேசத்து, நேப்பாளத்து நண்பர்களும் "எங்கள் பணியாளர்கள்" தாம்.
"கிளிங்" என்ற சொல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயராக மட்டுமே வரலாம்.

வாடிக்கையாளரை அழைப்பது
எழுத்தில் எப்போதும் "நீங்கள்". கடையில் வாயார "அக்கா", "அண்ணே" என்று கூப்பிடுங்கள். அது நம் ஊர் வழக்கம், விட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவர் முதலில் அப்படி எழுதினால் நாமும் எழுதலாம். "அன்பே", "செல்லம்" கூடவே கூடாது.
"உங்கள் விசாரணைக்கு நன்றி" என்ற வரியை இன்றே அழித்துவிடுங்கள். விசாரணை காவல் நிலையத்தில் நடப்பது. ஒருவர் "அரைக் கிலோ மீன் கறித்தூள் இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் இப்படி இருக்கட்டும்: "வணக்கம். இருக்கிறது, 12 வெள்ளி 50 சென். இன்று மாலை 6 மணி வரை கடையில் எடுத்துக்கொள்ளலாம்." தீர்ந்துவிட்டால் "கையிருப்பில் இல்லை" என்று முடித்துவிடாமல், எப்போது வரும் என்பதையும் சொல்லுங்கள்.

பண்டிகைகள்
தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ். இவற்றுக்கு மலிவு விற்பனை உண்டு. தைப்பூசத்துக்கு இல்லை, அன்று தண்ணீர்மலைப் பாதையில் மோர் கொடுக்கிறோம், பலகையில் "மோர்" என்று மட்டும் எழுதுகிறோம்.

ஊர்ப் பெயர்கள்
பினாங்கு, ஜார்ஜ்டவுன், பிறை, பட்டர்வொர்த், கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ. "பெனாங்" வேண்டாம்.

பட்டியலில் இல்லாத சொல் வந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் லெபோ பாசார் மாடிக்கு எழுதி அனுப்புங்கள். அன்று மாலைக்குள் பதில் தருகிறேன். பொட்டலம் அச்சுக்குப் போகும் நாளாக இருந்தால் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.