வழக்கறிஞர் அறிவிப்புக்கு வாடகைதாரரின் பதில்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

தங்கள் கட்சிக்காரரான வீட்டு உரிமையாளரின் சார்பில் தாங்கள் இம்மாதம் 4ஆம் தேதியிட்டு அனுப்பிய அறிவிப்பு, 7ஆம் தேதி எனக்குக் கிடைத்தது. இப்பதிலில் நான் வெளிப்படையாக ஒப்புக்கொள்பவை தவிர, அதில் கண்டுள்ள குற்றச்சாட்டுகள் அனைத்தையும் மறுக்கிறேன்.

3 மாத வாடகை பாக்கி என்பது உண்மையல்ல. முதல் 2 மாத வாடகை, ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள அவருடைய வங்கிக் கணக்கிலேயே உரிய தேதிக்குள் வரவாகியுள்ளது. மூன்றாம் மாதம், மழைநீர் கசிந்து சமையலறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து அடுப்பு மேடைமீதே விழுந்த நிலையில், பழுதுபார்க்கும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அவரே குறுஞ்செய்தி அனுப்பிய பிறகுதான், அத்தொகையைக் கழித்து மீதியைச் செலுத்தினேன். அச்செய்தியை அவர் தங்களிடம் காட்டவில்லை போலும்.

வீட்டைத் தொழிற்கூடமாக்கிவிட்டேன் என்பதும் தவறு. முன்னறையில் இருப்பது, என் மனைவி வீட்டுத் துணிகளைத் தைக்கும் ஒரே ஒரு தையல் இயந்திரம். பெயர்ப்பலகையோ, வேலையாட்களோ, வாடிக்கையாளர் வரத்தோ கிடையாது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டு அவர் நேரில் வந்து பார்க்கலாம்.

ஆகவே, அறிவிப்பைத் திரும்பப் பெறுமாறு தங்கள் கட்சிக்காரருக்கு அறிவுறுத்தக் கோருகிறேன். அதை மீறி வழக்குத் தொடர்ந்தால் உரிய முறையில் எதிர்வழக்காடுவேன்; அதன் செலவுத்தொகைக்கு அவரே பொறுப்பாவார்.

இப்படிக்கு,
வாடகைதாரர்

இணைப்பு: வங்கிக் கணக்கு அறிக்கை, பழுதுபார்ப்பு ரசீது, குறுஞ்செய்தியின் அச்சுப்படி