கூரன் கடலுக்குப் போன கதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்த கதை இது. நாம் தாமிரபரணி என்று சொல்கிறோமே, அந்த ஆற்றுக்கு அப்போது பொருநை என்று பெயர். ஆற்றில் ஓர் அணைகூடக் கிடையாது.

பொதிகை மலை உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன் வெடிப்புக்குள் ஒரு மரத்தின் வேர் நுழைந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. ஒரு மழைநாளில்... படக்! தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து ஓடையில் விழுந்தது.

அவன்தான் கூரன். நெற்றியில் ஒரு முனை, முதுகில் இரண்டு முனை, மூக்கோ முனையிலும் முனை! கறுத்த உடம்பின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

"என் மூக்கைப் பாருங்கள்! இந்த ஓடையிலேயே கூர்மையான மூக்கு!" என்று எல்லாரிடமும் காட்டினான்.

ஆனி பிறந்தது. தென்மேற்கிலிருந்து மழை கொட்டியது. ஓடை பொங்கி, கூரனைப் புரட்டி எடுத்தது. டொக்! டொடொக்! ஒரு பாறையில் மோதி மூக்கு உடைந்தே போனது.

"ஐயோ, என் மூக்கு!"

உடைந்த துணுக்கு தண்ணீரில் ஓடிக்கொண்டே கத்தியது: "நான் முன்னால போறேன் கூரா! நீ பின்னால வா!"

கூரன் அழுதான். அழ நேரம் எங்கே? முன்னால் அருவி! தடதடவென்று விழுந்தான். அருவிக்கு அடியில், பாறையில் குடைந்த ஒரு குழி. அதற்குள் ஏற்கெனவே ஏழெட்டுக் கற்கள். தண்ணீர் சுழன்றது, கற்களும் சுழன்றன. கிறுகிறு, கிறுகிறு, கடகட, கடகட!

"யாரடா அது, குத்துறது?" என்றது ஓர் உருண்டைக் கல்.

"மன்னிச்சுக்கோ பாட்டி. என் முதுகு முனை பட்டுருச்சு."

"அதனால என்ன? நானும் உன்னை மாதிரி முள்ளு முள்ளா வந்தவதான். உரசு, நல்லா உரசு. முனைதான் முதல்ல தேயும். இந்தக் குழியைக்கூட நாங்க சுத்திச் சுத்தித்தான் குடைஞ்சோம், தெரியுமா?"

கூரனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கல் சுற்றினால் பாறையே குழியாகுமா! சுற்று சுற்றென்று சுற்றினான். முதுகு முனைகள் போயின. நெற்றி முனையும் போயிற்று. எத்தனை வருஷம் அங்கே இருந்தானோ, ஒரு பெருவெள்ளம் வந்து அவனை வெளியே தூக்கி எறிந்தது.

"போயிட்டு வரேன் பாட்டி!"

"போறவன் எங்கடா திரும்பி வரப்போறே? கடலைக் கேட்டதாச் சொல்லு!"

மலை முடிந்தது. ஆறு அகலமானது, மெதுவானது. கரை நெடுக மருத மரங்கள். வெள்ளம் வந்தால்தான் கூரனுக்குப் பயணம். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் கிடப்பான். நீர்நாய்க் குட்டிகள் அவன் மேல் ஏறிக் குதிக்கும். அயிரை மீன்கள் அவன் வயிற்றடியில் ஒளிந்துகொள்ளும். ஓடிவரும் மணல் அவனைச் சரசரவென்று தேய்த்துவிட்டுப் போகும். சொரசொரப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆளும் சிறுத்துக்கொண்டே வந்தான்.

ஆதிச்சநல்லூர்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தபோது, பானை செய்யும் அக்கா ஒருத்தி அவனை எடுத்தாள்.

"அடடா, என்ன வழுவழுப்பு!"

ஈரம் முழுசும் காயாத பானை மேல் அவனை வைத்து மேலும் கீழும் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் பளபளத்தது. சூளையில் வெந்து வந்த பானை உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு! கூரன் வாயைப் பிளந்து பார்த்தான். அதன் பிறகு எத்தனையோ பானைகளுக்கு மெருகு போட்டான். ஒருநாள் அக்காவின் மகன் தவளைக்குக் குறிவைத்து அவனை ஆற்றில் எறிந்துவிட்டான். தவளை தப்பித்தது. ஐப்பசி மழையில் ஆறு பெருகியதும் கூரன் மறுபடி கிளம்பிவிட்டான்.

ஒரு காலையில் தண்ணீர் கரித்தது.

"த்தூ! உப்பு!"

கொற்கை வந்துவிட்டது. முத்தும் சங்கும் எடுக்கிற ஊர். கடல் அப்போது ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் கடலுக்கு இன்னும் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் அவ்வளவு!

அலை கூரனை மணலில் உருட்டியது. அவனுக்குக் கீழேயிருந்து ஒரு குட்டிக் குரல்.

"கூரா! வந்துட்டியா?"

"யாரு?"

"உன் மூக்குடா!"

கறுப்பு மணல் ஒன்று வெயிலில் மின்னியது. பக்கத்திலேயே நெற்றி முனை, முதுகு முனை, அருவிக் குழியில் தேய்ந்த பொடி, எல்லாம் மணலாக வந்து சேர்ந்திருந்தன. "பாட்டி கேட்டதாச் சொல்லச் சொன்னா," என்று கூரன் ஆரம்பிக்கும்போதே ஒரு சின்னக் கை அவனைத் தூக்கிவிட்டது.

"இங்க பாருங்கடி, கோடு போட்ட கல்லு! கழங்காட இன்னும் ஒரு கல்லு வேணும்னீங்களே!"

கழங்கு என்றால் நம் தட்டாங்கல்தான். நான்கு சிறுமிகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கூரன் மேலே பறந்தான்.

"முதல் ஆட்டம் எனக்கு!"

"இல்ல, கல்லு கண்டுபிடிச்சது நான். எனக்குத்தான் முதல்ல!"