அம்மாவை அழைத்துச் செல்லும் அறிவிப்பும் முன்பணம் திருப்பிக் கேட்டலும்

முதியோர் இல்ல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 14-ஆம் அறையில் இருக்கும் என் அம்மாவை இம்மாதம் 18-ஆம் தேதி காலை 10 மணிக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு இருக்கிறது. அதே ஒப்பந்தத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதாக நீங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 5-ஆம் தேதி இரவு 9 முதல் காலை 6 வரை பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. இன்று இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து, 3 செ.மீ. அகலத்தில் படுக்கைப்புண். தீர்ந்திருக்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம். தேதியுடன் படங்கள் என்னிடம் உள்ளன. இந்த நிலையில் இன்னும் 30 நாள் அவரை அங்கே விட முடியாது. முன்னறிவிப்புக் காலத்துக்கான கட்டணத்தையும் ஏற்க மாட்டேன்.

மூன்று மாதக் கட்டணத்துக்கு ஈடாகச் செலுத்திய முன்பணத்தையும், இம்மாதம் 18-க்குப் பிந்தைய நாட்களுக்கான கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பிடித்தம் இருந்தால் ரசீதுடன் தனித்தனியாகக் காட்டுங்கள். 'பராமரிப்புச் செலவு' என்று மொத்தமாக எழுதினால் ஏற்க இயலாது.

அன்று மருத்துவக் கோப்பு, மாத்திரை அட்டவணை, பதிவேட்டின் நகல் ஆகியவை தயாராக இருக்கட்டும். கணக்கு முடியவில்லை என்று அம்மாவை நிறுத்தி வைக்க வேண்டாம். இக்கடிதத்தின் நகலில் தேதியிட்டுக் கையொப்பமிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
14-ஆம் அறையில் இருப்பவரின் மகள்