கலம்காரியைப் பார்த்துக் கட்டுரை எழுத

நகரி ஞாயிறு ஓவிய வகுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு,

ஹாலில் தொங்கும் பட்டாபிஷேகக் கலம்காரியைப் பற்றிப் போன வாரம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் ராமாயணத்தையே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். துணியில் தெலுங்கில் இருக்கும் பெயர்களைப் படித்ததும் கை தானாகக் கதைக்குப் போய்விடுகிறது. வடிவப் பகுப்பாய்வில் கதைக்கு ஒரு வரி போதும். மற்றபடி கண்ணில் படுவதையும், அது பார்வையை எங்கே இழுக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

முதல் பத்தி சின்னது. என்ன பொருள், எதில் செய்தது, எவ்வளவு பெரியது, கடைசியாக உங்கள் கருத்து: "காளஹஸ்தி பாணியில் பருத்தித் துணியில் வரைந்த இந்தப் படம் நாலடி அகலம், மூன்றடி உயரம். இத்தனை கூட்டத்திலும் நடுவில் இருப்பவர்களை விட்டுக் கண்ணை நகரவிடாதது இதன் கறுப்புக் கோடு." கருத்து பிறகு மாறினாலும் பரவாயில்லை. 'மிக அழகாக உள்ளது' என்று எழுதினால் அடுத்த பத்திக்கு வழி கிடையாது.

அடுத்து கோடு. இந்தத் துணிக்கு அதுதான் உயிர், அதனால் நிறைய எழுதலாம். கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளி நூலைச் சுற்றி, சாயத்தில் தோய்த்து, விரலால் அமுக்கி அமுக்கி வரைகிறார்கள். அமுக்கும் அளவுக்குத் தகுந்தபடி கோடு தடிக்கும், மெலியும். சீதையின் முந்தானையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தோளில் தடித்துத் தொடங்குகிற கோடு மடிப்பில் மயிரிழையாகி, தரையில் மறுபடி தடிக்கிறது. "கோடுகள் வளைந்துள்ளன" என்பது கவனிப்பு மட்டும். "வளைந்து மெலியும் கோடு துணிக்கு எடையில்லாததுபோல் காட்டுகிறது, பக்கத்தில் சிம்மாசனத்தின் நேர்கோடு அதை இன்னும் மென்மையாக்குகிறது" என்றால் பகுப்பாய்வு. எல்லாப் பத்தியிலும் இந்த இரண்டாவது வகை வாக்கியம் வேண்டும்.

நிறம் சுருக்கமாகப் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று பட்டியல் போடாதீர்கள். எது அதிகம், எது ஒரே இடத்தில் மட்டும் வருகிறது என்று கேளுங்கள்.

அமைப்பு: நடுக்கட்டம் பெரிது, சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள். ராமரும் சீதையும் மற்றவர்களைவிடப் பெரிய உருவம். அனுமன் கீழே குனிந்திருப்பதால் அவர் முதுகின் வளைவு நம் பார்வையை மேலே ஏற்றிவிடுகிறது.

சமநிலையில்தான் எல்லோரும் வழுக்குகிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் இரண்டே பேர். ஆனாலும் படம் சாயவில்லை, ஏன்? வலது ஓரத்தில் நிற்பவர் உடல் கருநீலம். அந்த அடர்த்தியே வெளிர்மஞ்சளில் இருக்கும் ஓர் ஆளின் எடைக்கு ஈடாகிறது.

கடைசிப் பத்தியில் முதல் பத்தியின் கருத்துக்குத் திரும்பி, எழுதிய பிறகும் அது நிற்கிறதா என்று சொல்லுங்கள். நிற்காவிட்டால் முதல் பத்தியைத் திருத்துங்கள்.

இரண்டு பக்கம், அடுத்த ஞாயிறு. போனில் எடுத்த போட்டோவை வைத்து எழுத வேண்டாம், அதில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது. ஹால் காலை எட்டு மணிக்கே திறந்திருக்கும்.