மீசை இல்லாத கோகோல்

நாற்சந்தியில் உட்கார்ந்திருக்கும் சிலையை எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்வோம். மடியில் ஒரு தாள், வலது கையில் பேனா, குனிந்த தலை. வேறென்ன சொல்வது? பெயர்ப் பலகை எப்போதோ பெயர்ந்து போய்விட்டது. பீடத்தில் நான்கு திருகு ஓட்டைகளும், கல்லில் வெட்டிய 1809 – 1852 என்ற எண்களும்தான் மிச்சம்.

இருபது வருடமாக அந்த வழியாகத்தான் நூலகத்துக்குப் போய்வருகிறேன். யார் இவர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்டது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

“மேடம், அந்தக் கணக்குப்பிள்ளையோட நிஜப் பேர் என்ன?”

“வருஷம் இருக்கே தம்பி, கண்டுபிடிச்சிடலாம்” என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

1809 சாதாரண வருடம் இல்லை. டார்வின், லிங்கன், எட்கர் ஆலன் போ, இசையமைப்பாளர் மெண்டல்சன் எல்லோரும் அந்த வருடம்தான் பிறந்தார்கள். டார்வினும் லிங்கனும் ஒரே நாளில், பிப்ரவரி 12. ஆளுக்கொரு கலைக்களஞ்சியத் தொகுதியை எடுத்துக்கொண்டு, இறந்த வருடத்தை வைத்து ஒவ்வொருவராகக் கழித்தோம். டார்வின் 1882, கிடையாது. லிங்கன் 1865. போ 1849. அப்புறம் என் விரல் ஒரு வரியில் நின்றது: நிகோலாய் கோகோல், 1809 – 1852.

எனக்கு ருஷ்யக் கதைகள் என்றால் உயிர். நம் ஊர்ச் சந்தியில் கோகோலா! அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் அவன் கோகோல் படம் இருந்த பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்தான். “இவருக்கு மீசை இருக்கு மேடம். நம்மாளுக்கு இல்ல.”

“சிற்பி விட்டிருப்பார்.”

“கண்ணையும் மூடியா வச்சிருப்பார்? எழுதுறவர் கண்ண மூடிக்கிட்டு எழுதுவாரா?”

பதில் இல்லை. மதியம் நூலகத்தைப் பூட்டிவிட்டு அவனோடு நடந்தேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது பேனாவே இல்லை. உருண்டையான மரப்பிடி, அதிலிருந்து நீளும் கூர்மையான கம்பி. தோல் தைப்பவர்கள் வைத்திருக்கும் குத்தூசி. இடது கையின் ஆள்காட்டி விரல் தாளின்மேல் படிந்திருந்தது. பையன் அதற்குள் தரையில் உட்கார்ந்து, எண்களுக்குக் கீழே பீடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். வருடா வருடம் அடித்த பெயிண்டுக்கு அடியில் ஒரு வரிசை மேடுகள். பூ வேலை என்று நான் நினைத்திருந்தது.

தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தான். வட்ட வட்டமாகப் புள்ளிகள் எழும்பி வந்தன. முதலில் செங்குத்தாக மூன்று புள்ளி, ஒன்றின் கீழ் ஒன்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்கு ஒரு நூலகருக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

நூலகத்துக்கு ஓடினோம். சிறுவர் பகுதியில் பிரெயில் எழுத்து அட்டவணை ஒன்று இருந்தது. மூன்று புள்ளி என்றால் எல். அடுத்தது ஓ. அப்புறம் யூ, ஐ, எஸ். மீதியை அட்டவணை பார்க்காமலே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவன் விடவில்லை, கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்த்துத்தான் எழுதினான்: லூயி பிரெயில்.

கலைக்களஞ்சியத்தை மறுபடி திறந்தோம். ஜனவரி 4, 1809 பிறப்பு. குதிரைச் சேணம் செய்யும் அப்பாவின் பட்டறையில், மூன்று வயதில், விளையாட்டாக எடுத்த குத்தூசி கண்ணில் குத்தியது. சீழ் பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டும் போயின. பத்து வயதில் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளி. அங்கே, விரலால் தடவிப் படிக்கவென்று பார்பியே என்பவர் யோசித்த பன்னிரண்டு புள்ளி முறை அவருக்குத் தெரியவந்தது. பன்னிரண்டும் ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. அவர் ஆறாகக் குறைத்தார். 1829-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது வயது இருபது. இறந்தது 1852 ஜனவரி 6. அவர் படித்து, பாடமும் நடத்திய அந்தப் பள்ளியே அவர் எழுத்தை முறையாக ஏற்றுக்கொண்டது அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான்.

பையன் குத்தூசி என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். “கண்ணக் குத்தினதையே கையில குடுத்திருக்காங்களே மேடம்.”

“காகிதத்தில் புள்ளி குத்தவும் அந்த மாதிரி கூரான ஊசிதான் தம்பி வேணும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மறுபடியும் சந்திக்கு இழுத்துக்கொண்டு போனான். பீடத்தில் ஏறி, சிலையின் மடியில் இருந்த தாளைத் தடவினான். அதிலும் புள்ளிகள்! கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையிலிருந்த அட்டவணைப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டினான். பாதி வரி வந்ததும் கை நின்றது.

“என்னாச்சு?”

“அடுத்த எழுத்து மேல அவர் விரல் இருக்கு மேடம்” என்றான். “எடுக்கச் சொல்லுங்க.”