ஊழியர் பயிற்சி வகுப்புகள்: திட்டமும் கட்டணமும்

சாட்ஸ்வொர்த், டர்பன்
14 ஜூலை 2025

பெறுநர்: திரு. செந்தில் அவர்கள், நிர்வாகப் பங்குதாரர், மளிகை மற்றும் பாத்திரக் கடைகள், டர்பன்

பொருள்: மூன்று கடைகள், ஒரு பேக்கிங் கூடம், மொத்தம் 32 ஊழியர்களுக்கான பயிற்சி

அன்புள்ள செந்தில் சார்,

வணக்கம். விருதுநகரில் இருக்கும் அப்பாவும் படித்துப் பார்த்துத்தான் சரி சொல்வார், அதனால் தமிழிலேயே எழுதுங்கள் என்று போனில் சொன்னீர்கள். இதே விவரத்தை ஆங்கிலக் கொட்டேஷனாகவும் இணைத்திருக்கிறேன். உங்கள் அக்கவுண்டண்டுக்கு அது போதும்.

நீங்கள் அனுமதி கொடுத்தபடி ஜூலை 5, சனிக்கிழமை, டாக்டர் யூசுப் தாதூ தெருக் கடையில் (நம்மவர்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள்) காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாதத் தொடக்கம் என்பதால் நல்ல கூட்டம். பத்தரை மணி வாக்கில் ஒரு அம்மா குக்கரைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது, கைப்பிடி கழன்றுவிட்டது, பில்லும் கையில் இருந்தது. கல்லாவில் இருந்த பெண் வாயே திறக்கவில்லை. பின்னால் தொங்கும் 'பணம் திருப்பித் தரப்படாது' பலகையை விரலால் காட்டினாள். அந்த அம்மா குக்கரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மேல் தப்பில்லை. பலகை என்ன சொல்கிறதோ அதைத்தான் அவள் செய்தாள். பலகைதான் தப்பு. இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56-ன்படி, பழுதான பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று முடிவு செய்வது வாங்கியவர்தான், கடை அல்ல. அதே சமயம் 'வீட்டுக்குப் போனதும் நிறம் பிடிக்கவில்லை' என்று வருபவருக்கு அந்தச் சட்டப்படி கடை எதுவும் தர வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்லாவில் இருப்பவர் அரை நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகுப்பே இதுதான். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பலகையை முதலில் கழற்றிவிடுங்கள்.

கல்லா வகுப்பு. 16 பேர், எட்டெட்டாக இரண்டு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு காலை, தலா இரண்டரை மணி நேரம். திருப்பி வரும் பொருள், தட்டில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் வந்தால் என்ன செய்வது (இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைத்தான் வாங்க வேண்டும், இதுவும் அதே சட்டம்), கோபமாக வருபவரிடம் பேசுவது, நாள் முடிவில் கல்லாவை எண்ணி ஒப்படைப்பது. பாடம் நடத்துவது குறைவு, நடித்துப் பார்ப்பதுதான் அதிகம். உடைந்த குக்கரை நானே கொண்டு வருகிறேன்.

பேக்கிங் கூடம். ஒன்பது பேர், ஒரு காலை, மூன்று மணி நேரம். அங்கே நான் பத்து நிமிடம்தான் நின்றேன். வேர்க்கடலை அள்ளிய அதே கரண்டி அப்படியே கடலைப்பருப்பு மூட்டைக்குள் போனதைப் பார்த்தேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள்களில் வேர்க்கடலையும் கோதுமையும் உண்டு. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது பேக்கிங் செய்கிற யாருக்குமே தெரியவில்லை. கை கழுவுதல், தலையுறை, கரண்டிக்கு நிற அடையாளம், எடை சரிபார்ப்பு எல்லாம் இதில் அடங்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டு ஆர்638 உணவுச் சுகாதார விதிப்படி கூடத்தின் பொறுப்பாளர் பெற வேண்டிய பயிற்சி எங்கள் வேலை இல்லை. அது அங்கீகாரம் பெற்றவரிடமோ சுகாதார இன்ஸ்பெக்டரிடமோ பெற வேண்டியது. நாங்கள் கொடுப்பது மற்ற ஊழியர்களுக்கு மட்டும்.

ஜூலு மொழி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் ஆறு சூப்பர்வைசர்களும் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் ஜூலு பேசுபவர்கள், நடுவில் இருப்பதோ இரண்டு பக்கத்துக்கும் பாதி வந்த ஆங்கிலம். 'நான் பேசும்போது அந்தப் பையன் முகத்தையே பார்ப்பதில்லை மேடம், திமிர்' என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஜூலு வீடுகளில் பெரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. நம் ஊரில் தாத்தா முன்னால் தலை குனிந்து நிற்பதில்லையா, அதே கதை. மீதிச் சில்லறையை மேசையில் தூக்கிப் போடாமல், இடக்கையை வலக்கைக்குத் தாங்கலாகக் கொடுத்து நீட்டுவதும் அப்படித்தான். இதெல்லாம் நம்மவர்களுக்குப் புதிது அல்ல, யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

மொழியும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 'சாவுபோனா' என்றால் வணக்கம், பலர் இருந்தால் 'சானிபோனானி'. 'யிமாலினி?' என்றால் என்ன விலை, 'ங்கியாபோங்கா' என்றால் நன்றி. தயவுசெய்து என்பதற்கான சொல்லில் நடுவே ஒரு சொடுக்கு ஒலி வரும். பாவம் என்று நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அதே ஒலிதான். 'மன்னியுங்கள்' என்பதில் வருவது கடைவாயோரம் நாக்கைச் சொடுக்குவது, மாடு ஓட்டத் தெரிந்தவருக்கு அதுவும் வரும். உம்லாஸியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்துவார், நான் பக்கத்தில் இருந்து தமிழில் விளக்குவேன். பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முடிவில் அவர்கள் சரளமாகப் பேச மாட்டார்கள். வணக்கம் சொல்லி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, நன்றி சொல்ல வரும்.

எக்செல். நாலு பேர், அதில் மூன்று பேர் அந்த சூப்பர்வைசர்களே. மூன்று முறை, தலா இரண்டு மணி நேரம். உங்கள் ஸ்டாக் கணக்கிலேயே வேலை செய்வோம். தேதி முடிய முப்பது நாள் இருக்கும் சரக்கைக் காட்ட ஒரே வரி போதும்:

```
=IF(D2-TODAY()<=30;"முன்னுக்கு வை";"")
```

நடுவில் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கம்ப்யூட்டர்கள் தென்னாப்பிரிக்க அமைப்பில் இருக்கின்றன, அங்கே கமா தசமப் புள்ளிக்குப் போய்விடுகிறது. ஊர் யூடியூபைப் பார்த்து எழுதிய பார்முலா எதுவும் வேலை செய்யவில்லை என்று உங்கள் குடோன் தம்பி இரண்டு மாதமாகத் தவிப்பதற்கு இதுதான் காரணம். இந்த ஒரு செய்திக்குக் கட்டணம் இல்லை.

என்ன பலன்? விற்பனை கூடும் என்று எழுதித் தர மாட்டேன், அப்படி எழுதித் தருபவரை நம்பவும் வேண்டாம். எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். வகுப்புக்கு முந்தைய சில நாட்களும் பிந்தைய எட்டு வாரமும் கல்லாவில் கூடுதல் குறைச்சல் எவ்வளவு என்று தினமும் ஒரு தாளில் குறிப்போம். குறைச்சலைப் பாதியாக்குவது என் இலக்கு. திருப்பி வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டு. பேக்கிங்கில் வாரம் ஒரு முறை, ஏதாவது பத்துப் பாக்கெட்டை எடுத்து எடையும் லேபிளும் பார்ப்பது. டிசம்பர் முதல் வாரம் நானே வந்து எல்லாவற்றையும் உங்கள் முன் கூட்டிக் காட்டுகிறேன், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஊழியர்களுக்கு எங்கள் சான்றிதழ் கிடைக்கும். அது வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்று மட்டுமே, அரசுத் தகுதிப் புள்ளி எதுவும் சேராது.

கட்டணம் ராண்டில்:

கல்லா, 4 அமர்வு × 3 600: 14 400
பேக்கிங், 1 அமர்வு: 4 200
ஜூலு, 10 வகுப்பு × 850: 8 500
எக்செல், 3 அமர்வு × 2 400: 7 200
மொத்தம்: 34 300

நான்கையும் சேர்த்து எடுத்தால் 31 000. கையேடு, போக்குவரத்து எல்லாம் இதற்குள்ளேயே. நாங்கள் வாட் பதிவு இல்லாத சிறிய கூடம், அதனால் மேலே 15 சதவீதம் ஏறாது. தொடங்கும் முன் பாதி, அதாவது 15 500. மீதி, கடைசி வகுப்பு முடிந்து இரண்டு வாரத்துக்குள். மூன்று வேலைநாளுக்கு முன்னால் சொன்னால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என்றால் அந்த அமர்வின் பாதிக் கட்டணம்.

திறன் மேம்பாட்டு வரி பற்றிக் கேட்டீர்கள். வருடச் சம்பளக் கணக்கு 5 லட்சம் ராண்டைத் தாண்டுவதால் சம்பளத்தில் 1 சதவீதம் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சில்லறை வியாபாரத்துக்கான 'சீட்டா' அமைப்பிடம் ஏப்ரல் 30-க்குள் பயிற்சித் திட்டமும் அறிக்கையும் கொடுப்பவர்களுக்கு அதில் பொதுவாக 20 சதவீதம் திரும்பி வருகிறது. எங்கள் பில்லைக் காட்டினால் பணம் வராது, அந்தத் தாளைக் கொடுத்தால்தான் வரும். இந்த வருடம் தேதி தாண்டிவிட்டது. அடுத்த வருடத்துக்குத் தேவையான வருகைப் பதிவேடு முழுவதும் தயாராக வைத்துத் தருகிறேன்.

நேரம் பற்றி ஒரு கண்டிப்பு உண்டு. வகுப்பு வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்க வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கம்பெனிக்கு மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தேன். ஆறரைக்கெல்லாம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஏழுக்கு அறை காலி. க்வாமாஷுவுக்கு டாக்ஸி போய்விட்டால் அவர்கள் எப்படி வீடு போவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் உங்களுக்குப் புதன்கிழமைக் காலை 7.30 என்று வைத்திருக்கிறேன். கல்லாவும் பேக்கிங்கும் ஆகஸ்ட் 6, 13, 20, செப்டம்பர் 10, 17. மாதக் கடைசியையும் மாதத் தொடக்கத்தின் முதல் சில நாட்களையும் விட்டுவிட்டேன், அப்போது கடையில் நிற்க இடமிருக்காது. செப்டம்பர் 24 பாரம்பரிய தின விடுமுறை. ஜூலுவும் எக்செல்லும் ஆகஸ்ட், செப்டம்பரில் வாரத்தில் எந்த மதியம் தோதோ அப்போது. அக்டோபர் 20 தீபாவளி, அதற்கு முந்தைய மூன்று வாரம் உங்கள் பக்கம் தலை காட்ட மாட்டேன்.

நான்கும் வேண்டாம், ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்று அப்பா சொன்னால் ஜூலுவை எடுங்கள். கல்லா வகுப்பில் எனக்கு வருமானம் அதிகம், இருந்தாலும் உங்கள் கடைக்கு முதலில் வேண்டியது ஜூலுதான்.

ஜூலை 25-க்குள் ஒரு வார்த்தை சொன்னால் ஆசிரியையின் நாட்களைப் பிடித்துவைத்துவிடுவேன். அப்பாவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லுங்கள், நம் நேரம் மாலை ஐந்து என்றால் அவருக்கு இரவு எட்டரை.

அன்புடன்,
வசந்தி
பயிற்சிக் கூடம், சாட்ஸ்வொர்த்

இணைப்பு: ஆங்கிலக் கொட்டேஷன், வகுப்பு அட்டவணை, கல்லாக் குறிப்புத் தாள் மாதிரி